கண்ணாடி போட்டும் கண் எரிந்த கதை

நீச்சல் குளத்திலிருந்து ஏறினால் இரண்டு மணி நேரம் கண் சிவந்து எரியும். குளோரின் அதிகம் என்று நினைத்தேன். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உருவாகும் குளோரமின்தான் அதிகம் எரிக்கிறது. கண்ணைக் காக்கும் கண்ணீர்ப் படலத்தையும் குளத்து நீர் கழுவிவிடும். நீரைக் கண்ணில் படவிடாமல் தடுப்பதுதான் வழி. சரி என்று நீச்சல் கண்ணாடி வாங்கினேன்.

அப்புறமும் இடது கண் மட்டும் சிவந்தது. பட்டையை இறுக்கினேன், கண்ணைச் சுற்றி வளையத் தழும்பு விழுந்ததே தவிர, மூக்கோரம் நீர் கசிவது நிற்கவில்லை.

நான்கு நாள் கழித்துத்தான் பட்டையை மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு மூன்று விநாடி ஒட்டி நின்றது. இடது உடனே விழுந்தது. இரண்டு கண்ணாடியையும் இணைக்கும் மூக்குப் பாலம் எனக்கு அகலம் அதிகம்! அதைக் கழற்றி, கண்ணாடியோடு வந்த சின்னப் பாலத்தைப் போட்டதும் இரண்டும் ஒட்டின. பட்டையைத் தளர்த்தி, பின்தலையில் காதுக்குச் சற்று மேலே வைத்தேன். தொப்பியின் விளிம்போ முடியோ கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் சிக்கினால் மறுபடி கசியும். அதை விரலால் தடவிப் பார்த்துவிடுவேன்.

இப்போது எரிச்சல் இல்லை.