முதல் கடன் வாங்குமுன்: 5 சதவீதம் 8 சதவீதத்தைவிட விலை கூடியதாவது எப்படி?

புதிய நாட்டில் முதலில் வாங்கும் கடன் பெரும்பாலும் ஒரு வாகனத்துக்காகவோ வீட்டுச் சாமான்களுக்காகவோ இருக்கும். கடன் வரலாறு எதுவும் இல்லாதவர் என்பதால் வங்கி தயங்கும்போது, விற்பனை நிலையத்திலேயே ஒருவர் தாளை நீட்டி, "வட்டி 5 சதவீதம்தான்" என்பார். வங்கியோ 8 சதவீதம் கேட்டிருக்கும். நான் வந்த புதிதில் இப்படி இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, சிறிதும் யோசிக்காமல் 5 சதவீதத்தில் கையெழுத்திட்டேன். அது வங்கிக் கடனைவிட விலை கூடியது என்பது, கடனை இடையில் அடைக்கப் போன அன்றுதான் புரிந்தது.

அந்த இரண்டு தாள்களையும் எளிதான எண்களில் பார்ப்போம். கடன் 12,000, காலம் 5 ஆண்டுகள், அதாவது 60 மாதத் தவணைகள். பணத்தின் பெயர் எதுவானாலும் கணக்கு மாறாது.

விற்பனை நிலையத்தின் தாளில் இருந்தது பிளாட் வட்டி. இதில் வட்டியை முதல் நாளிலேயே, முழு அசலின்மீது, முழுக் காலத்துக்கும் கணக்கிட்டு முடித்துவிடுகிறார்கள். 12,000க்கு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் 600. ஐந்து ஆண்டுகளுக்கு 3,000. அசலும் வட்டியும் சேர்ந்த 15,000ஐ 60ஆல் வகுத்தால் மாதத் தவணை 250. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதே அதன் கவர்ச்சி என்று இப்போது தோன்றுகிறது.

இந்த 250இல் 200 அசலுக்கும் 50 வட்டிக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் நம்மிடம் 12,000 முழுவதும் இருக்கிறது. அதற்கு 50 என்பது ஆண்டுக்கு 5 சதவீதம்தான். முப்பது தவணைகள் கட்டியபின் நம்மிடம் மீதமிருப்பது 6,000 மட்டுமே, ஆனால் வட்டி அதே 50. ஆண்டுக் கணக்கில் அது 10 சதவீதம். கடைசி மாதம் நம்மிடம் இருப்பது வெறும் 200, அதற்கும் 50 வட்டி. ஒரு மாதத்துக்கு 25 சதவீதம்! திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் கடைசி நாள்வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே இதன் பொருள்.

வங்கியின் 8 சதவீதம் குறையும் நிலுவைமீதான வட்டி. ஒவ்வொரு மாதமும் அன்று எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அதன்மீது மட்டுமே வட்டி போடுவார்கள். இதே கடனுக்கு மாதத் தவணை 243.32 வரும். முதல் மாத வட்டி 80, மீதி 163.32 அசலில் கழியும்; இரண்டாம் மாதம் வட்டி 78.91 ஆகக் குறைந்து, அசலில் 164.41 கழியும். இப்படித் தேய்ந்துகொண்டே போய், கடைசித் தவணையில் வட்டி 1.61 மட்டுமே இருக்கும். அறுபது மாதங்களிலும் கட்டும் மொத்த வட்டி சுமார் 2,599. பெயரில் 8 ஆக இருந்தாலும், 5 என்று சொல்லப்பட்ட கடனைவிட ஏறக்குறைய 400 மலிவு. உண்மையாகவே குறையும் நிலுவையில் 5 சதவீதம் கொடுத்திருந்தால் தவணை 226.45ஆகவும், மொத்த வட்டி சுமார் 1,587ஆகவும் இருந்திருக்கும். அதாவது நான் கட்ட ஒப்புக்கொண்ட 3,000இல் பாதிக்குச் சற்று மேல்.

அப்படியானால் அந்த பிளாட் 5 சதவீதத்தின் உண்மை விகிதம் என்ன? எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடலாம். தவணைகளின் எண்ணிக்கை, மாதத் தவணை, கையில் வாங்கிய தொகை ஆகிய மூன்றும் போதும். தவணை நம் கையிலிருந்து போவதால் அதற்கு முன் கழித்தல் குறி இட வேண்டும்.

```
=RATE(60,-250,12000)*12
=(1+RATE(60,-250,12000))^12-1
```

முதல் வரி 9.15 சதவீதம் என்று காட்டும். வங்கியின் 8 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான், ஏனெனில் இரண்டும் ஒரே முறையில் சொல்லப்பட்டவை. இரண்டாவது வரி, மாதாமாதம் வட்டி சேரும் விளைவையும் கணக்கில் எடுத்து 9.55 சதவீதம் தரும்; ஆண்டுப் பயனுறு வட்டி என்பது இதுதான். அதே முறையில் வங்கியின் 8 சதவீதம் 8.30 ஆகும். ஒரு தாளுக்கு முதல் வரியையும் மற்றொன்றுக்கு இரண்டாவது வரியையும் எடுத்து ஒப்பிட்டால் மறுபடியும் ஏமாறுவோம்.

கணினி பக்கத்தில் இல்லாவிட்டால், பிளாட் விகிதத்தை ஏறத்தாழ 1.8ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பிளாட் 5 சதவீதத்துக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான கடன்களில் உண்மை விகிதம் ஏறத்தாழ 9.1க்கும் 9.3க்கும் இடையில்தான் நிற்கிறது. விகிதமும் காலமும் மிகவும் கூடும்போது இந்தப் பெருக்கல் பிசகும்.

கடன் கொடுக்கும்போதே செயலாக்கக் கட்டணம் என்று 240 பிடித்துக்கொண்டு 11,760 மட்டும் கையில் தந்தால், மேலே உள்ள சூத்திரத்தில் 12,000க்குப் பதிலாக 11,760 இடுங்கள். 9.15 என்பது 10 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

தாளில் எந்த வகை வட்டி என்று எழுதியிராவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, அதிலிருந்து கடன் தொகையைக் கழியுங்கள். வருவது, கடன் தொகையை விகிதத்தாலும் ஆண்டுகளாலும் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்குச் சரியாக இருந்தால் அது பிளாட் வட்டி. நம் கணக்கில் இரண்டும் 3,000.

நான் சிக்கிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகள் கட்டியபின் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மாதம் 200 வீதம் 24 மாதங்களில் 4,800 அசல் கழிந்திருக்கும், இன்னும் 7,200 கட்டினால் கடன் முடியும் என்று எண்ணிக்கொண்டு போனேன். அவர்கள் கேட்டதோ 7,908.20. காரணம், பல பிளாட் கடன்களில் இடையில் அடைப்பவருக்கு வட்டியைத் தள்ளும்போது சமமாகப் பிரிப்பதில்லை. 78இன் விதி எனப்படும் முறையைக் கையாளுகிறார்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதால் அந்தப் பெயர். அறுபது மாதக் கடனில் ஒன்று முதல் அறுபது வரையான கூட்டுத்தொகை 1,830. முதல் மாதத்துக்கு 3,000 வட்டியில் 1,830இல் 60 பங்கும், அடுத்ததற்கு 59 பங்கும், கடைசி மாதத்துக்கு ஒரே ஒரு பங்கும் சேரும். மீதமிருந்த 36 மாதங்களின் பங்குகள் 666 மட்டுமே. ஆகவே எனக்குத் தள்ளிய வட்டி 1,091.80. கட்டாத தவணைகளான 9,000இலிருந்து அதைக் கழித்தால் அவர்கள் கேட்ட தொகை சரியாக வந்துவிடும். உண்மை விகிதமான 9.15 சதவீதப்படி கணக்கிட்டால்கூடப் பாக்கி சுமார் 7,844தான் வரும். அதற்கு மேலான 64, இந்த விதிக்காக நான் கொடுத்தது.

குறையும் நிலுவைக் கடனில் இடையில் கூடுதலாகக் கட்டிய தொகை அசலில் கழிந்தால், அடுத்த மாதமே வட்டி குறையும். பிளாட் கடனில் தவணைக்கு மேல் கட்டினால், பெரும்பாலும் அது வரும் தவணைகளுக்கான முன்பணமாகவே வைக்கப்படும். வட்டி ஒரு காசும் குறையாது. ஆகவே கையெழுத்திடுமுன், 24 தவணைகள் கட்டியபின் அடைத்தால் எவ்வளவு கேட்பீர்கள், அதில் அபராதம் எவ்வளவு என்ற இரண்டையும் எண்ணாகவே எழுதித் தரும்படி கேளுங்கள்.