வெளிநாட்டுப் பங்காளிக்கு மாரிக் காலக் கணக்கு

உப்புவெளியில் நான் நடத்தும் விருந்தினர் விடுதிக்கு முதல் போட்டவர் ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான். வெளிநாட்டவர் நிறையும் மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குள் சிக்கலே வந்ததில்லை. அறைகள் வெறுமையாகக் கிடக்கும் மாரியில்தான் வந்தது. சொல்ல நல்ல செய்தி இல்லை என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். அவரோ எதையோ மறைக்கிறேன் என்று எண்ணிவிட்டார். தவறு என்னுடையதுதான்.

இப்போது வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 5ஆம் திகதி ஒரு பக்கக் கணக்கு போய்விடும். கடந்த டிசம்பர் கணக்கு இது: தொடக்க இருப்பு 4,20,000 ரூபாய், வரவு 90,000, செலவு 1,65,000, முடிவு இருப்பு 3,45,000. கடைசித் தொகை வங்கிக் கூற்றோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். கூற்றின் படத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். விடுதிக்கென்று தனி வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் இது நடக்காது. என் மாதச் சம்பளம் 60,000 செலவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மீதியில்தான் இலாபப் பங்கு.

பலர் தவறவிடுவது முற்பணத்தை. அந்த 90,000இல் 50,000, மே மாத அறைகளுக்கு வந்த முற்பணம். விருந்தினர் வராவிட்டால் திருப்பிக் கொடுக்க நேரலாம். அதனால் இருப்பின் கீழே, “கையாளக்கூடியது 2,95,000” என்று தனி வரி எழுதுகிறேன். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஏ.சி. திருத்தத்துக்கு மச்சான் கேள்வி கேட்காமல் சம்மதித்தார்.