இன்னும் போகாதவர்களை என்ன செய்வது? சந்தா ஆயுள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சந்தாவில் ஓடும் ஒரு செயலி. பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். 1, 2, 2, 4, 7 மாதங்களில். மற்ற ஐந்து பேர் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து இன்றோடு 3, 5, 6, 8, 10 மாதங்கள் ஆகின்றன. இப்போது மேலாளர் வந்து, "நம்மிடம் சேருகிற ஒருவர் எத்தனை மாதம் இருப்பார்?" என்று கேட்கிறார்.

பெரும்பாலும் முதலில் வருகிற பதில் 3.2 மாதம். நிறுத்தியவர்களின் மாதங்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் அதுதான் வரும். யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை, கருவிகளே செய்துவிடுகின்றன. இன்னும் இருப்பவருக்கு நிறுத்திய தேதி கிடையாது, அந்தக் கட்டம் காலியாக இருக்கும். SQL-இல் `AVG` காலிக் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளாது. பாண்டாஸில் பழக்கதோஷத்தில் ஒரு `dropna()` போட்டால் அந்த ஐந்து பேரும் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. மிக நீண்ட காலம் நம்முடன் இருப்பவர்களை மட்டும் தேடிப்பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருப்பவர்களின் ஆயுளை அளக்கிறோம். எண் குறைவாக வராமல் வேறென்ன செய்யும்?

இதைக் கவனித்தவர்கள் அடுத்துச் செய்வது, இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு இன்றைய தேதியை அவர்களுடைய கடைசித் தேதியாக வைப்பது. இப்போது பத்துப் பேருக்கும் சேர்த்து 48 மாதம், சராசரி 4.8. பார்வைக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் பத்து மாதமாக இருப்பவர் இன்று காலை நிறுத்திவிட்டார் என்று நாமே எழுதியிருக்கிறோம். இதுவும் குறைவான எண்தான். அதோடு, நிறுவனம் வேகமாக வளர்ந்தால் இது இன்னும் மோசமாகும். போன மாதம் ஆயிரம் பேர் புதிதாகச் சேர்ந்திருந்தால், அந்த ஆயிரம் பேரும் ஒரே மாத ஆயுளோடு கணக்கில் ஏறிச் சராசரியைக் கீழே இழுப்பார்கள்.

நமக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான்: எட்டு மாதமாக இருப்பவரின் ஆயுள் எட்டு மாதத்துக்குக் குறையாது. அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. இந்த அரைகுறைத் தகவலுக்குப் புள்ளியியலில் சென்சரிங் என்று பெயர். அதை வீணாக்காமல், தெரிந்தவரை மட்டும் பயன்படுத்தும் வழியை எட்வர்ட் கப்லானும் பால் மையரும் 1958-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். கப்லான் யோசித்தது கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் இருந்த வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை. மையரின் அக்கறை நோயாளிகளின் ஆயுளில். சந்தாவுக்கும் கணக்கு அதேதான்.

கையால் போட்டுப் பார்க்கலாம். கிடைப்பது ஒரு வளைவு: சேர்ந்தவர்களில் எத்தனை பங்கு பேர் ஒவ்வொரு மாதமும் மிச்சம் இருக்கிறார்கள் என்பதை அது காட்டும். ஒவ்வொரு மாதத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மாதம் வரை நம்முடன் இருந்ததாக நமக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இப்போது போனார்கள்?

1-ஆம் மாதம் பத்துப் பேரில் ஒருவர் போனார், மீதி 9/10. அதாவது 0.9. 2-ஆம் மாதம் ஒன்பது பேரில் இருவர் போனார்கள், 0.9-ஐ 7/9-ஆல் பெருக்கினால் 0.7. 3-ஆம் மாதத்தில் யாரும் போகவில்லை, ஆனால் சேர்ந்து மூன்றே மாதமான ஒருவரை இதற்கு மேல் நம்மால் பார்க்க முடியாது. அவர் வளைவை இறக்கமாட்டார். அடுத்த மாதக் கணக்கில் மட்டும் இருக்கமாட்டார். எனவே 4-ஆம் மாதத்தில் கைவசம் ஆறு பேர், ஒருவர் போனார்: 0.7 × 5/6, சுமார் 0.58. ஐந்து, ஆறு மாதக்காரர்களும் இப்படியே ஒதுங்க, 7-ஆம் மாதத்தில் மூன்று பேர். ஒருவர் போனார்: 0.58 × 2/3, சுமார் 0.39. அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. வளைவு பத்தாம் மாதம் வரை 0.39-இலேயே படுத்துக் கிடக்கும்.

இந்த வளைவு 0.5-க்குக் கீழே முதலில் இறங்குவது 7-ஆம் மாதத்தில். ஆக இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் போய்விடும் காலம், 7 மாதம். போனவர்களை மட்டும் எடுத்திருந்தால் இடைநிலை 2. எல்லோரும் இன்றே போய்விட்டதாக எழுதியிருந்தால் 4.5. அதே பத்துப் பேர்தான்.

சரி, முறை தெரிந்துவிட்டது, நிரலகம் இருக்கிறது, இனி தவறு வராது என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் `lifelines` நிரலகத்தில் `fit` செய்யும்போது `event_observed` என்பதைக் கொடுக்க மறந்தால், எல்லோருமே போய்விட்டதாக அது எடுத்துக்கொள்ளும். அப்போது மேலே பார்த்த 4.5 மாத வகைத் தவறு, அழகான படிக்கட்டு வளைவாகத் திரையில் வரும். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கப்லான்–மையர் வளைவு பூஜ்யத்தைத் தொட வேண்டுமானால், உங்கள் தரவிலேயே மிக நீண்ட காலம் இருந்தவர் போயிருக்க வேண்டும். உங்களிடம் மிகப் பழைய வாடிக்கையாளர் இன்னும் பணம் கட்டுகிறார், ஆனால் வளைவு தரையைத் தொடுகிறது என்றால், `event_observed`-ஐத்தான் முதலில் பாருங்கள்.

இரண்டாவது இடறல், "இன்று" என்பது எந்த நாள் என்பதில். நான் இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மார்ச் 31 வரைக்குமான தரவை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நான் ஏப்ரல் 20-ஆம் தேதி அதை ஓட்டினேன், நிரலில் இன்றைய தேதி என்று எழுதியிருந்தேன். ஏப்ரலில் நிறுத்தியவர்கள் யாரும் அந்தத் தரவில் இல்லை. ஆனால் மார்ச் வரை இருந்த ஒவ்வொருவருக்கும், யாரும் பார்க்காத இருபது நாள் ஆயுளை நான் இனாமாகக் கொடுத்திருந்தேன். அடுத்த மாதப் புதுத் தரவில் வளைவு கீழே இறங்கியபோதுதான் உறைத்தது. இப்போது வெட்டுத் தேதியைக் கையால் எழுதுகிறேன்:

```python
cutoff = pd.Timestamp("2025-03-31")
df = df[df["start_date"] <= cutoff].copy()
ended = df["cancel_date"].notna() & (df["cancel_date"] <= cutoff)
last = df["cancel_date"].where(ended, cutoff)
df["T"] = (last - df["start_date"]).dt.days
df["E"] = ended.astype(int)
kmf = KaplanMeierFitter().fit(df["T"], event_observed=df["E"])
```

வெட்டுத் தேதிக்குப் பிறகு நிறுத்தியவர் யாராவது தரவில் இருந்தால், அவரும் இங்கே இன்னும் இருப்பவராகவே கணக்கில் வருவார். அதுதான் சரி. அந்தத் தேதியில் அவர் இருந்தாரே.

இவற்றைவிடப் பெரிய தவறு, கண்ணில் படாமலே இருப்பது, பழைய வாடிக்கையாளர்கள் தரவுக்குள் வந்த விதம். ஒரு நிறுவனம் 2022 ஏப்ரல் 1 அன்று புதிய பில்லிங் மென்பொருளுக்கு மாறியது என்று வைத்துக்கொள்வோம். பழையதிலிருந்து, அன்று சந்தாவில் இருந்தவர்களை மட்டும், அவர்கள் சேர்ந்த பழைய தேதியோடு புதியதில் ஏற்றினார்கள். இது நடைமுறையில் சகஜம். போய்விட்டவரின் விவரத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்று யாரும் மெனக்கெடுவதில்லை.

2020 ஏப்ரலில் நூறு பேர் சேர்ந்திருந்து, இரண்டு ஆண்டில் எழுபது பேர் போயிருந்தால், புதிய தரவுத்தளத்தில் இருப்பது முப்பது பேர். அடுத்த ஆண்டு அதில் ஆறு பேர் போகிறார்கள். இந்தத் தரவைக் கொடுத்தால் வளைவு என்ன சொல்லும்? 24 மாதம் வரை ஒருவரும் போகவில்லை; 36 மாதத்தில் 80 சதவீதம் பேர் இருக்கிறார்கள். உண்மையில் நூறில் இருபத்துநான்கு பேர்தான் இருக்கிறார்கள். இங்கே இன்னும் இருப்பவர்களைச் சரியாகவே கையாண்டிருக்கிறோம், ஆனால் அவர்கள் கடந்துவந்த 24 மாதத்தில் போயிருக்கவே முடியாத ஆட்களாக அவர்களை வைத்துவிட்டோம்.

சரிசெய்வது கடினமில்லை. அந்த முப்பது பேரும் 24-ஆம் மாதத்தில்தான் நம் பார்வைக்குள் வந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும். `lifelines`-இல் அதற்கு `entry` என்று ஓர் அளபுரு இருக்கிறது. ஒவ்வொருவரும் சேர்ந்து எத்தனை நாளில் தரவுக்குள் வந்தார் என்பதை அதில் கொடுத்தால், அதற்கு முந்தைய மாதங்களின் வகுக்கும் எண்ணில் அவரைச் சேர்க்காது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது பூஜ்யம். முதல் 24 மாதத்தின் வடிவத்தை 2022-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் தருவார்கள். 24-இலிருந்து 36 வரையான பகுதிக்கு அந்த முப்பது பேரும் உதவுவார்கள். புதியவர்கள் 24-ஆம் மாதத்தில் 0.3 என்று காட்டினால், 0.3 × 0.8, அதாவது 0.24. ஆனால் புதியவர்களும் பழையவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பதை இது நம்புகிறது. நடுவில் விலை ஏறியிருந்தால் அந்த நம்பிக்கை உடையும். அப்போது சேர்ந்த ஆண்டு வாரியாக வளைவைப் பிரித்து வரையுங்கள்.

"இருக்கிறார்" என்று தரவு சொல்வதையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, கட்டிய மாதம் முடியும்வரை பயன்படுத்துகிறவரும் பல மென்பொருள்களில் இருப்பவர் என்றே தெரிவார். கார்டில் பணம் எடுக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயற்சி ஓடிக்கொண்டிருக்கிறவரும் அப்படித்தான். கப்லான்–மையர் எதை நம்புகிறது என்றால், சேர்ந்து அதே அளவு மாதம் ஆன மற்ற வாடிக்கையாளர் நிறுத்திவிடும் ஆபத்துதான் இவருக்கும் என்று. பாதி வெளியே போய்விட்டவரை அப்படி நம்ப முடியாது. கட்டிய காலம் முடியும் தேதியை முடிவுத் தேதியாக எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, வெட்டுத் தேதியைக் கடைசிப் புதுப்பிப்புகளின் முடிவு தெரிந்துவிட்ட ஒரு முந்தைய நாளுக்கு நகர்த்தினால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும்.

கடைசியாக, வளைவின் வால். நம் பத்துப் பேர் கணக்கில் 0.58-இலிருந்து 0.39-க்கு இறங்கியது, மிச்சமிருந்த மூன்று பேரில் ஒருவர் போனதால்தான். அவர் இன்னும் இருந்திருந்தால் இடைநிலை ஆயுள் என்று ஒன்றே கிடைத்திருக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள தரவிலும் வலது ஓரத்தில் நிலைமை இதுதான். அங்கே நிற்பவர்கள் கொஞ்சம் பேர். வளைவுக்குக் கீழே ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் மிச்சம் என்பதையும், நம்பக இடைவெளியையும் சேர்த்துப் போடுங்கள். ஆள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்தபின் வரைவதை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

"சராசரி ஆயுள்" என்று கேட்டால் தயங்குவதற்கும் இதுவே காரணம். வளைவு 0.39-இல் நின்றுவிட்டது, அதற்கப்பால் என்ன ஆகும் என்று தரவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு எல்லைக்குள் சராசரி சொல்லலாம். முதல் ஆறு மாதத்துக்கு வளைவின் கீழுள்ள பரப்பைக் கூட்டினால்: 1, அப்புறம் 0.9, அடுத்த இரண்டு மாதம் 0.7 வீதம், அதற்கடுத்த இரண்டு மாதம் 0.58 வீதம். மொத்தம் ஏறக்குறைய 4.47 மாதம். மாதச் சந்தா 200 ரூபாய் என்றால், புதிதாகச் சேருகிற ஒருவரிடமிருந்து முதல் ஆறு மாதத்தில் சுமார் 893 ரூபாய் எதிர்பார்க்கலாம். மேலாளர் விளம்பரச் செலவுக்கு வரம்பு கேட்டால் நான் கொடுப்பது இந்த எண்ணைத்தான், அதோடு "ஆறு மாதம்" என்ற எல்லையையும் சேர்த்து. 3.2 மாதம் என்ற முதல் பதிலின்படி போயிருந்தால், ஒரு வாடிக்கையாளரின் முழு ஆயுளுக்குமே 640 ரூபாய் என்று எழுதியிருப்போம்.