கால் சென்டருக்கு எத்தனை ஏஜென்ட்? கணக்கு தவறும் இடங்கள்

வீட்டு உபயோகப் பொருள்களின் சர்வீஸ் புகார்களை வாங்கும் சிறிய கால் சென்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. நாளொன்றுக்கு 480 அழைப்புகள், ஓர் அழைப்புக்குச் சராசரியாக 4 நிமிடம். மொத்தம் 1,920 நிமிடம், அதாவது 32 மணி நேர வேலை. ஆளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் 4 பேர் வரும். நிறையப் பேர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, நாள் முழுவதையும் ஒன்றாக வகுப்பது. 480 அழைப்புகளும் சீராக வந்தால் அரை மணிக்கு 30 வர வேண்டும். உண்மையில் காலை 10.30 முதல் 11 வரை மட்டும் 60 வரலாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் 15 கூட வராமல் போகலாம். அதனால் கணக்கை அரை மணி அரை மணியாகத்தான் போட வேண்டும். குறைந்தது நான்கு வாரத்து ரிப்போர்ட்டை எடுத்து, திங்கள்கிழமைகளைத் திங்கள்கிழமைகளோடு ஒப்பிடுங்கள். எடுத்துப் பேசிய அழைப்புகளை மட்டும் எண்ணாமல், காத்திருந்து வைத்துவிட்டவர்களையும் சேருங்கள். அவர்களை விட்டுவிட்டால், ஆள் குறைவாக இருந்த நாள்களில் அழைப்பே குறைவு என்று ரிப்போர்ட் காட்டும்.

நெரிசலான அந்த அரை மணியில் 60 அழைப்பு, தலா 240 வினாடி:

```
60 × 240 ÷ 1800 = 8
```

இந்த 8 என்பது வேலைச் சுமை. இதற்கு எர்லாங் என்று பெயர். கோபன்ஹேகன் டெலிபோன் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணித அறிஞர் எர்லாங்கின் நினைவாகப் பெயரிட்ட அலகு இது; அவர் 1917-இல் வெளியிட்ட சூத்திரங்கள்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

சுமை 8 என்றால் 8 பேர் போதும் என்று நினைப்பதுதான் அதிகம் அடிபடும் இடம். அழைப்புகள் வரிசை கட்டி வருவதில்லை. இரண்டு நிமிடம் ஒன்றும் வராது, அடுத்த நிமிடம் ஐந்து வரும். சும்மா இருந்த இரண்டு நிமிடத்தைச் சேர்த்துவைத்து நெரிசலில் செலவழிக்க முடியாது. ஆகவே 8 பேர் இருந்தால் வரிசை கரையாமல் வளர்ந்துகொண்டே போகும். சுமைக்கு மேல் எத்தனை பேர் தேவை என்பதை எர்லாங் சி கால்குலேட்டர் சொல்லும். 80 சதவீத அழைப்புகளை 20 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இலக்கு என்றால்:

9 பேர்: 40 சதவீதம், சராசரிக் காத்திருப்பு 157 வினாடி
10 பேர்: 65 சதவீதம், 49 வினாடி
11 பேர்: 81 சதவீதம், 20 வினாடி

ஒன்பதாவது ஆளுக்கும் பதினோராவது ஆளுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம். 11 பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் 73 சதவீத நேரம்தான் அழைப்பில் இருப்பார்கள். ‘மீதி நேரம் சும்மா இருக்கிறார்களே’ என்று இரண்டு பேரைக் குறைத்தால் மேலே இருக்கும் முதல் வரிக்குப் போய்விடுவீர்கள்.

அடுத்தது கையாளும் நேரம். நம் உதாரணத்தில் பேச்சும் ஹோல்டும் சேர்ந்து 3 நிமிடம். அழைப்பை வைத்த பிறகு புகாரைப் பதிவுசெய்து டெக்னீஷியனுக்கு ஒதுக்க 1 நிமிடம். போன் பில்லிலிருந்தோ எக்ஸ்சேஞ்ச் பதிவிலிருந்தோ நேரத்தை எடுத்தால் இந்தக் கடைசி நிமிடம் அதில் இருக்காது. அப்போது சுமை 6 என்று வரும், 9 பேர் போதும் என்று கால்குலேட்டரும் சொல்லும். தாளில் 86 சதவீதம், நடைமுறையில் 40 சதவீதம். கால்குலேட்டரில் தப்பு இல்லை, அதற்குக் கொடுத்த எண்ணில்தான் தப்பு.

தமிழுக்கு ஒரு குழு, இந்திக்கு ஒரு குழு என்று பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். 8 எர்லாங் சரிபாதியாகப் பிரிந்தால், அதே இலக்குக்கு ஒவ்வொரு குழுவுக்கும் 7 பேர், மொத்தம் 14 பேர் தேவை. ஒரே குழுவுக்கு 11 போதுமாக இருந்தது. ஒரு பக்கம் ஆள் சும்மா இருக்க, மறுபக்கம் வரிசை நிற்கும் என்பதுதான் காரணம். இரு மொழியும் தெரிந்த மூன்று நான்கு பேரை இரண்டு வரிசைக்கும் பொதுவாக விட்டாலே இந்தக் கூடுதல் தேவை பெருமளவு குறையும்.

கடைசியாக, 11 என்பது சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை. வேலைக்கு எடுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை வேறு. விடுப்பு, டீ இடைவேளை, பயிற்சி, டீம் மீட்டிங் எல்லாம் சேர்ந்து உங்கள் பதிவின்படி 30 சதவீத நேரம் போகிறது என்றால், 11-ஐ 1.3 ஆல் பெருக்காதீர்கள். அது 14.3 தரும். 14 பேரில் 70 சதவீதம் பத்துக்கும் குறைவு. 0.7 ஆல் வகுக்க வேண்டும்: 15.7, அதாவது 16 பேர். அதிலும் இது சராசரிதான். திங்கள் காலை 10.30-க்கு இரண்டு பேரை ஒன்றாக டீ குடிக்க அனுப்பினால், 16 பேர் ரோஸ்டரில் இருந்தும் 9 பேரின் சர்வீஸ்தான் கிடைக்கும்.