ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? எலக்ட்ரீஷியன் சொல்லும் தொகை சரியா என்று பார்ப்பது எப்படி

ஃபேன் வேகம் குறைந்துவிட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறீர்கள். அவர் மேலே பார்த்துவிட்டு, "காயில் வீக் ஆயிடுச்சு, கழட்டிட்டுப் போய் காயில் கட்டணும், எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய்" என்கிறார். இந்தத் தொகை அதிகமா குறைவா என்று யோசிப்பதற்கு முன்னால், அவர் சொல்லும் பழுது உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ரிப்பேரில் பணம் அதிகம் போவது பெரும்பாலும் கூலியால் இல்லை, தேவையே இல்லாத வேலையைச் செய்வதால்தான்.

படி 1: அவர் வருவதற்கு முன்பே பழுதைப் பாருங்கள்

சுவிட்சை அணைத்து, இறக்கை முழுதாக நின்றதும் ஒரு கம்பால் மெல்லத் தள்ளுங்கள். தடையில்லாமல் சில சுற்றுகள் ஓடி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தாலோ உடனே நின்றாலோ பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஃபேனைப் போட்டு ரெகுலேட்டரை 5இல் வையுங்கள். 5இல் நல்ல வேகம், மற்ற எண்களில்தான் கோளாறு என்றால் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்படலாம். 5இலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அல்லது ரீங்கரிக்கிறது ஆனால் தானாகக் கிளம்பவில்லை, தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். சிலர் இதைக் கண்டென்சர் என்பார்கள். வருடங்கள் போகப் போக இதன் திறன் இறங்கும், அதோடு ஃபேன் வேகமும் இறங்கும். காயில் எரிந்திருந்தால் அறிகுறியே வேறு: கருகிய வாடை வரும், ஃபேன் அசையவே அசையாது, சில சமயம் எம்சிபி விழும்.

ஒன்று கவனியுங்கள். மாலையில் மட்டும் மெதுவாகச் சுற்றி, மற்ற நேரம் நன்றாக ஓடினால் அது லோ வோல்டேஜாக இருக்கலாம். அதற்கு ஃபேனைக் கழட்ட வேண்டியதில்லை. ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேனில் உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் மேலே சொன்ன சோதனைகள் அதற்குப் பொருந்தாது. வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

படி 2: தொகையைப் பிரித்துக் கேளுங்கள்

"எல்லாம் சேர்த்து" என்ற மொத்தத் தொகையை வைத்து எதையும் கணிக்க முடியாது. "அண்ணே, சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, தனித்தனியா சொல்லுங்க" என்று கேட்டாலே போதும். நேர்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சாமான் விலையைச் சரிபார்ப்பது சுலபம். பழைய கெப்பாசிட்டர் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். சாதாரண வீட்டு ஃபேனில் பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி. பக்கத்து எலக்ட்ரிகல் கடைக்குப் போன் செய்தால் விலை தெரிந்துவிடும், பொதுவாக 100 ரூபாய்க்குள் இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம், அதன்மேல் தனியாக ஜிஎஸ்டி போடக் கூடாது. "வேகமா ஓடும்" என்று 4 எம்எஃப்டி மாட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், காயில் சூடாகி உண்மையாகவே கெட்டுப்போகும்.

கூலியைப் பேசும்போது மட்டும் கொஞ்சம் நியாயமாக இருங்கள். பத்து நிமிட வேலைக்கு 250 ரூபாயா என்று தோன்றும். ஆனால் அவர் பெட்ரோல் போட்டு, ஏணி, டெஸ்டரோடு வந்து போக ஒரு மணி நேரம் ஆகிறது. உங்கள் தெருவில் இரண்டு பேரிடம் குறைந்தபட்சக் கூலி கேட்டு வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். வீட்டில் வேறு சின்ன வேலைகள் இருந்தால், தளர்ந்த சுவிட்ச் மாதிரி, அதே வருகையில் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மலிவான பழுதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்

நம் கணக்குக்கு வருவோம். ஃபேன் 5இலும் மெதுவாகச் சுற்றுகிறது, கருகிய வாடை இல்லை, இறக்கை தடையில்லாமல் ஓடுகிறது. அப்படியானால் 1,100 ரூபாய் வேலைக்குச் சரி சொல்லாதீர்கள். "முதல்ல கண்டென்சர் மாத்திப் பாருங்க, சரியாகலைன்னா காயில் பத்திப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். சாமான் 80, கூலி 250, ஆக 330 ரூபாய். வேகம் திரும்பிவிட்டால் 770 ரூபாய் மிச்சம். திரும்பாவிட்டால் கூடுதலாகப் போனது கண்டென்சர் விலையும் சிறிது கூலியும்தான். எம்சிபியை அணைத்த பிறகே அவர் கை வைக்கட்டும், கழட்டிய பழையதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காயில்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: புதிதாகக் கட்டுவது செம்புக் கம்பியா, அலுமினியமா? பழைய செம்பை யார் எடுத்துக்கொள்வது? பழைய செம்புக்கு எடைக்கடையில் விலை உண்டு, அதைக் கடையே வைத்துக்கொண்டால் தொகையில் கழிக்கச் சொல்லலாம். மொத்தம் புது ஃபேன் விலையில் பாதியைத் தாண்டினால், ஃபேனும் பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருந்தால், நான் காயில் கட்ட மாட்டேன், புதிதாகவே வாங்குவேன்.