வரிக்குக் கொடுத்த காசோலை திரும்பி, நோட்டீஸ் வந்துவிட்டதா? செய்ய வேண்டியவை

வரி அலுவலகம் ரசீது கொடுத்திருந்தாலும், காசோலை திரும்பினால் அந்த ரசீது செல்லாது. 'காசோலை பணமாவதற்கு உட்பட்டது' என்று அதன் அடியில் பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு வந்த நோட்டீஸ் அந்தத் தொகையைக் கட்டவே இல்லை என்றுதான் சொன்னது.

முதலில் வங்கியிடம் காசோலை திரும்பியதற்கான காரணச் சீட்டை வாங்குங்கள். பணம் போதாமல் திரும்பியதா, கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்பியதா என்பது அதில் இருக்கும். கையெழுத்துதான் காரணமென்றால், அதைச் சரிசெய்யாமல் அடுத்த காசோலை எழுதினால் அதுவும் திரும்பிவிடும்.

அடுத்து, எவ்வளவு கட்டுவது என்ற கணக்கு. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். நோட்டீஸில் உள்ள தொகை பெரும்பாலும் அது அச்சான நாள் வரைக்குமான கணக்கு. வட்டியோ கெடு தேதியிலிருந்து பணம் உண்மையில் போய்ச் சேரும் நாள்வரை ஓடும்.

ஓர் உதாரணம். வரி 24,000, கெடு மார்ச் 31, வட்டி மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10 தேதியிட்ட நோட்டீஸ் மூன்று மாத வட்டி 720, காசோலை திரும்பியதற்கான கட்டணம் 300 சேர்த்து 25,020 கேட்கிறது. நீங்கள் ஜூலை 2 அன்று அதே 25,020-ஐக் கட்டுகிறீர்கள். அதற்குள் நான்காவது மாத வட்டி 240 ஏறிவிட்டது. பல அலுவலகங்கள் வரும் பணத்தைக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் முதலில் வரவு வைக்கும். அப்படியானால் 240 வரி பாக்கியாகவே நிற்கும். அதற்கு மறுபடி வட்டி, மறுபடி நோட்டீஸ். ஆகவே கட்டப்போகும் தேதியைச் சொல்லி, அந்த நாளுக்கான தொகையை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த முறை காசோலை வேண்டவே வேண்டாம். இணையவழியில் கட்டுங்கள், இல்லையென்றால் வரைவோலை. கட்டும்போது வரி ஆண்டையும் நோட்டீஸ் எண்ணையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆண்டை விட்டுவிட்டால் பணம் நடப்பு ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பழைய பாக்கி அப்படியே இருக்கும்.

பிறகு நோட்டீஸுக்கு, அதில் குறித்த கெடுவுக்குள், எழுத்தில் பதில் கொடுங்கள். புதிய ரசீதின் நகலையும் காரணச் சீட்டின் நகலையும் இணையுங்கள். தவறு வங்கியுடையது என்றால் வங்கியிடம் கடிதம் வாங்கிச் சேர்த்து, அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். வட்டியைத் தள்ளுபடி செய்வது அரிது.

சேர்த்தது: பணம் கட்டிய பிறகும் இரண்டாவது நோட்டீஸ் வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதலில் அதன் தேதியைப் பாருங்கள். நீங்கள் கட்டியதற்கு முந்தைய தேதி என்றால், உங்கள் பணம் போய்ச் சேருவதற்கு முன்பே அனுப்பியதாக இருக்கும். ரசீது நகலை அனுப்புங்கள். பிந்தைய தேதி என்றால் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, பணம் எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்று பாருங்கள். தவறான ஆண்டில் இருந்தால், அதை மாற்றித் தரச் சொல்லித் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.