ஸ்வெட்டர் தோளை இணைக்க: மூன்று ஊசியா, கிராஃப்டிங்கா?

முன்பக்கமும் பின்பக்கமும் பின்னி முடித்தாயிற்று. தோள் கண்ணிகளை இன்னும் முடிக்கவில்லை, ஊசியிலேயே நிற்கின்றன. இனி இரண்டையும் இணைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூன்றாவது ஊசியால் இரு பக்கக் கண்ணிகளையும் சேர்த்துப் பின்னிக்கொண்டே முடிப்பது. இதைத்தான் த்ரீ நீடில் பைண்ட் ஆஃப் என்கிறோம். மற்றொன்று கிராஃப்டிங். மழுங்கிய முனையுள்ள தையல் ஊசியில் நூல் கோத்து, இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு வரிசைக் கண்ணிகளை உருவாக்குவது. கிட்ச்னர் ஸ்டிச் என்றும் சொல்வார்கள்.

கிராஃப்டிங்கில் இணைப்பே தெரியாது என்பதால் அதுதான் உயர்ந்த முறை என்று புதிதாகப் பின்னுபவர்கள் நினைக்கிறார்கள். தோளைப் பொறுத்தவரை நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்வெட்டரின் உடல், கைகள் எல்லாம் தொங்குவது தோளிலிருந்துதான். கிராஃப்ட் செய்த வரிசை மற்ற வரிசைகளைப் போலவே இழுபடும். மூன்று ஊசி முறையில் உள்பக்கம் ஒரு சங்கிலி உருவாகிறது. அது அவ்வளவாக இழுபடாமல் எடையைத் தாங்கிக்கொள்ளும்.

நான் ஒரு பருத்தி நூல் கார்டிகனுக்குத் தோளை கிராஃப்ட் செய்தேன். முடித்த அன்று அழகாகத்தான் இருந்தது. சில வாரம் அணிந்த பிறகு தோள் அகன்று, கைகள் மணிக்கட்டைத் தாண்டி இறங்கிவிட்டன. பிரித்துவிட்டு மூன்று ஊசியில் மறுபடி இணைத்த பிறகுதான் அது நின்றது.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்து பார்ப்போம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும் துணி, தோளுக்கு 24 கண்ணி. அப்படியென்றால் தோளின் நீளம் 12 செ.மீ.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் சரிவைப் படிப்படியாகக் கண்ணிகளை முடித்துக் கொண்டுவந்திருந்தால் இணைக்க ஊசியில் கண்ணியே இருக்காது. சரிவை, வரிசையை முழுதாக முடிக்காமல் இடையிலேயே திரும்பிப் பின்னும் ஷார்ட் ரோ முறையில் பின்னியிருக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஊசிகளிலும் எண்ணுங்கள்: 24, 24. ஒன்றில் 23 இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

மூன்று ஊசி முறை

துணியின் வெளிப்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். இரண்டு ஊசிகளையும் இணையாக இடது கையில் பிடியுங்கள். முனைகள் வலப்பக்கம் இருக்கட்டும், நூலும் அங்கேயே இருக்க வேண்டும். அங்கே நூல் இல்லையென்றால் 15 செ.மீ. வால் விட்டுப் புதிய நூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஊசியை முன் ஊசியின் முதல் கண்ணிக்குள் நிட் போடுவது போல நுழைத்து, அப்படியே பின் ஊசியின் முதல் கண்ணிக்குள்ளும் நுழையுங்கள். நூலைச் சுற்றி இழுத்து, இரண்டையும் ஒரே கண்ணியாகப் பின்னி ஊசிகளிலிருந்து விடுங்கள். அடுத்த ஜோடியையும் இதேபோலப் பின்னுங்கள். இப்போது வலது ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். முதலில் பின்னியதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி விடுங்கள். மீண்டும் ஒரு ஜோடி, மீண்டும் தூக்கி விடுவது. 24 ஜோடியும் முடிந்ததும் மிஞ்சிய ஒரு கண்ணிக்குள் நூலை வெட்டி இழுத்துவிடுங்கள்.

துணியை விரித்து அளந்து பாருங்கள். 12 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 10 வந்து துணி சுருங்கி நின்றால் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். பிரித்து, மூன்றாவது ஊசியை மட்டும் அரை மி.மீ. பெரியதாக எடுத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். 13க்கு மேல் போனால் சிறிய ஊசி.

கிராஃப்டிங்

இதற்கு நூலை முன்கூட்டியே வெட்ட வேண்டும். தோள் நீளத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 48 செ.மீ., இரண்டு பக்கமும் வாலுக்கு 15. மொத்தம் 80 செ.மீ. எடுத்துக்கொண்டால் குறையாது.

இந்த முறையில் துணியின் உள்பக்கங்கள்தான் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஊசி முனைகள் முன்போல வலப்பக்கம். தொடக்கத்துக்கு மட்டும், தையல் ஊசியை முன் ஊசியின் முதல் கண்ணிக்குள் பர்ல் போடுவது போல விட்டு, கண்ணியை ஊசியிலேயே விட்டுவிடுங்கள். பின் ஊசியின் முதல் கண்ணிக்குள் நிட் போடுவது போல விட்டு, அதையும் ஊசியிலேயே விடுங்கள். அதன் பிறகு இந்த நான்கும் திரும்பத் திரும்ப வரும்:

1. முன் ஊசி, முதல் கண்ணி: நிட் போல நுழைத்து, ஊசியிலிருந்து கழற்றுங்கள்.
2. முன் ஊசி, அடுத்த கண்ணி: பர்ல் போல நுழைத்து, ஊசியிலேயே விட்டுவிடுங்கள்.
3. பின் ஊசி, முதல் கண்ணி: பர்ல் போல நுழைத்து, கழற்றுங்கள்.
4. பின் ஊசி, அடுத்த கண்ணி: நிட் போல நுழைத்து, ஊசியிலேயே விட்டுவிடுங்கள்.

கடைசியில் ஒவ்வொரு ஊசியிலும் ஒரு கண்ணி மிஞ்சும். முன்னதை நிட் போலவும் பின்னதைப் பர்ல் போலவும் நுழைத்துக் கழற்றினால் முடிந்தது.

நூலை எப்போதும் ஊசி முனைகளுக்குக் கீழாகவே கொண்டுபோங்கள். இடையில் எழுந்து போக வேண்டியிருந்தால் நான்காவது படியை முடித்துவிட்டுப் போங்கள். நடுவில் விட்டால் எங்கே நிறுத்தினோம் என்று கண்டுபிடிப்பது கடினம். நூலைத் தளர்வாகவே விட்டு வாருங்கள். எட்டு கண்ணிக்கு ஒருமுறை தையல் ஊசி முனையால் கண்ணியின் ஒவ்வொரு காலாக இழுத்து, பக்கத்து வரிசைக் கண்ணிகளின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெளிப்பக்கத்தில் எங்காவது பர்ல் முடிச்சு எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நிட்டும் பர்லும் மாறியிருக்கிறது. அதுவரை பிரிக்க வேண்டியதுதான்.

இந்த நான்கு படிகளும் சாதாரண ஸ்டாக்கினெட் துணிக்கு மட்டும். கார்ட்டர் துணிக்கு வரிசை வேறு.

ரிப், கேபிள் துணியில் என்ன ஆகும்?

முன்பக்கமும் பின்பக்கமும் கீழிருந்து மேலாகப் பின்னப்பட்டவை. தோளில் அவை தலைக்குத் தலை சந்திக்கின்றன. ஒரு பக்கத்தின் கண்ணியைத் தலைகீழாகப் பார்த்தால், கண்ணியாகத் தெரிவது இரண்டு கண்ணிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான். அதனால் கிராஃப்ட் செய்யும்போது ஒரு பக்கத்தில் மேல்கீழாக அடுக்கி நிற்கும் கண்ணிப் பத்தி மறுபக்கத்துப் பத்திக்கு நேராக வராமல் அரைக் கண்ணி தள்ளி நிற்கும். ஸ்டாக்கினெட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்பில் பத்திகள் தோளில் ஒடிந்தது போலத் தெரியும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது போகாது. ஏனென்றால் அது கைத்தவறு அல்ல, கண்ணியின் அமைப்பு. மூன்று ஊசி முறையில் நடுவில் ஒரு கோடு வந்து அந்த மாற்றத்தை மறைத்துவிடும், பத்திகள் எதிரெதிரே நிற்கும்.

ஆகவே ரிப், கேபிள் துணிகளுக்கும், கனமான பெரிய ஸ்வெட்டருக்கும், பருத்தி, மூங்கில், பட்டு, அல்பாக்கா போல இழுத்தால் திரும்பி வராத நூலுக்கும் மூன்று ஊசி முறையைத்தான் எடுப்பேன். மெல்லிய கம்பளி நூலில் ஸ்டாக்கினெட்டாகப் பின்னிய இலகுவான உடை, குழந்தைகள் ஸ்வெட்டர் இவற்றுக்கு கிராஃப்டிங் பொருந்தும். இங்கே தாங்க வேண்டிய எடை குறைவு, உள்பக்கம் தோலில் உறுத்தும் மேடும் இருக்காது. மிகத் தடித்த நூலில் மூன்று ஊசியின் மேடு விரல் போலப் புடைத்துவிடும். அங்கேயும் கிராஃப்டிங் செய்யலாம், ஆனால் எடையைத் தாங்க ஏதாவது செய்ய வேண்டும். அதே நிறத்தில் மெல்லிய நூலை எடுத்து, கிராஃப்ட் வரிசையின் உள்பக்கத்தில் பர்ல் முடிச்சுகளை மட்டும் பிடித்து, குரோஷே ஊசியால் ஒரு வரி ஸ்லிப் ஸ்டிச் போடுங்கள். அந்த வரி 12 செ.மீ.யிலேயே நிற்கும்படி அளந்துகொண்டே போடுங்கள்.